டிசம்பர் 3 காலை வழிபாட்டில் மூன்று நிமிடப் பேச்சு: பிள்ளைகளுக்காகத் தயார் செய்வது எப்படி?

நவம்பர் கடைசியில் தலைமை ஆசிரியர் அறையிலிருந்து சொல்லி அனுப்புவார்கள்: "டீச்சர், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள். பிரேயர்ல ஒரு பிள்ளையைப் பேச வெச்சிடுங்க." கையில் இருப்பது சில நாள்தான். நடுவில் மழை விடுமுறை வந்துவிட்டால் அதுவும் குறையும். அதனால் எங்கிருந்தோ எடுத்த ஒரு பக்கத்தை ஒரு பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். 1992-இல் ஐ.நா. பொதுச் சபை இந்த நாளை அறிவித்தது, 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, இவர்களிடம் அன்பு காட்டுவோம், நன்றி வணக்கம். தகவல் எல்லாம் சரிதான். ஆனால் வரிசையில் நிற்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, இதைக் கேட்ட பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இங்கே நான் சொல்லப்போவது வேறு விதமான பேச்சு. பிள்ளைகள் தினமும் பார்க்கிற ஒரு பொருளில் தொடங்கி, தங்கள் பள்ளியில் இருக்கும் ஒரு தடையை அவர்களே எடுத்துப் போடுவதில் முடிகிற பேச்சு. வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியை மனதில் வைத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பு மாணவி பேசுகிறாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கேட்கிறார்கள்.

முதலில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

பேச்சுக்குத் தலைப்பு தேடுவதைவிட, காலால் மிதித்து, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைத் தேடுவது நல்லது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று தயாராக இருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. தண்டையார்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று எந்த ஸ்டேஷனுக்குள் போனாலும் தரையில் மஞ்சள் டைல்ஸ் பாதை ஒன்று போகும். எல்லோரும் அதை மிதித்துக்கொண்டுதான் போகிறோம். எதற்கு என்று கேட்டால், வழுக்காமல் இருக்க என்றுதான் பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வார்கள்.

அந்த டைல்ஸில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நீளமான கோடுகள் எழும்பி நிற்கும். அந்தக் கோடு போகும் திசையில் நடக்கலாம் என்று பொருள். இன்னொன்றில் வட்ட வட்டமான மொட்டுகள் இருக்கும். நில், கவனி என்று பொருள். முன்னால் படிக்கட்டு இருக்கலாம், பாதை திரும்பலாம், ரயில் ஏறும் இடம் வந்திருக்கலாம். பார்வையில்லாதவர் வெள்ளைக் கோலாலும் செருப்புக்கு அடியில் தட்டுப்படும் மேடு பள்ளத்தாலும் இதை உணர்ந்துகொண்டு நடப்பார். கொஞ்சம் பார்வை உள்ளவருக்கு அந்த மஞ்சள் நிறமே வழி காட்டும். சாம்பல் நிறத் தரையில் எடுப்பாகத் தெரியத்தான் அந்த நிறம்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானைச் சேர்ந்த செயிச்சி மியாகே. 1965-இல் உருவாக்கினார். 1967 மார்ச்சில் ஒகயாமா என்ற ஊரில், பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அருகே உள்ள தெருவில் முதன்முதலாகப் பதித்தார்கள். பேச்சுக்கு இது நல்ல செய்தி. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் தொடங்கியது இன்று நம் தேரடி வரை வந்திருக்கிறது.

பேசப்போகும் மாணவியை, வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு பெரியவரோடு ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்வாருங்கள். வாசலிலிருந்து மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். மொட்டு டைல்ஸ் வரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, இங்கே ஏன் வந்தது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். லிஃப்ட் இருந்தால் பொத்தான் பக்கத்தில் பிரெயில் புள்ளிகளைத் தொட்டுப் பார்க்கட்டும். தானே மிதித்துப் பார்த்ததைப் பற்றிப் பேசும்போது அவள் குரலில் ஒப்பிக்கிற சாயல் இருக்காது.

மெட்ரோ பக்கமே போகாத பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளி என்றால் வேறு பொருள் எடுக்கலாம். வெள்ளைக் கோல், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி எதுவானாலும் சரி. ஆனால் ஒன்றே ஒன்றுதான். மூன்று நிமிடத்தில் இரண்டு பொருள் வந்தால் இரண்டுமே மனதில் நிற்காது.

சாதனையாளர் கதை ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர், அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். விளையாட்டு விழாவில் அவரைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் இந்த நாளில் அதை மட்டும் சொன்னால், பதக்கம் வாங்கினால்தான் மதிப்பு என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். காலிப்பர் போட்டு நடந்து நம் பள்ளிக்கு வரும் ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பதக்கம் வேண்டாம், வகுப்புக்குள் போக வழி வேண்டும்.

பள்ளியின் சாய்தளத்தை அளந்து பாருங்கள்

பேச்சு எங்கே முடிய வேண்டும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். என் யோசனை, அது பள்ளி வாசலில் உள்ள சாய்தளத்தில் முடியட்டும். ராம்ப் என்று சொன்னால்தான் பிள்ளைகளுக்கு உடனே புரியும். அப்படியே சொல்லலாம்.

தடையில்லாத வழி எல்லாப் பள்ளிக் கட்டடத்துக்கும் வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. அதனால் பெரும்பாலான பள்ளிகளில் ராம்ப் இருக்கும். அதன் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு ஸ்கூட்டர், உடைந்த பெஞ்ச், சத்துணவு அரிசி மூட்டை இறக்கிய சாக்கு, வகுப்பு வாசலில் கழற்றிவிட்ட செருப்புக் குவியல். இவை எதுவும் யாரும் கெட்ட எண்ணத்தில் வைத்தவை அல்ல. ஆனால் சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளைக்கு ஒரு செருப்பே போதும், சக்கரம் நின்றுவிடும்.

அடுத்தது சரிவு. பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு 1-க்கு 12. அதாவது 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். வாசலில் 6 அங்குலப் படிகள் மூன்று இருந்தால் மொத்த உயரம் ஒன்றரை அடி, ராம்ப் 18 அடி நீளம் இருக்க வேண்டும். டேப் வைத்து அளந்துவிடலாம். ஏழாம் வகுப்புக்கு இது நல்ல கணக்கும் கூட. உங்கள் பள்ளியில் அது 6 அடிதான் இருக்கிறது என்றால், ஏறும்போது நாற்காலி பின்பக்கம் சாயும், தள்ளுகிறவர் முழு பலத்தையும் போட வேண்டும், இறங்கும்போது கையில் நிற்காது. அதை இடித்துக் கட்டுவது பிள்ளைகளின் வேலை அல்ல. அளந்த கணக்கை எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைப்பது ஆசிரியர் வேலை.

டிசம்பரில் இன்னொரு சிக்கல் உண்டு. மழையில் நனைந்து நனைந்து ராம்ப்பில் பாசி பிடித்திருக்கும். பச்சையாகத் தெரியாவிட்டாலும், ஈரமாக இருக்கும்போது செருப்பால் தேய்த்துப் பார்த்தால் வழுக்குவது தெரிந்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். பெரியவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும், பேச்சுக்கு முந்தின நாளே. பிள்ளைகளை "வழியை விடுவோம்" என்று சொல்ல வைத்துவிட்டு, அந்த வழியை நாமே பாசியோடு விட்டுவைப்பது முறையல்ல.

பள்ளியில் இருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பள்ளியிலேயே காது சரியாகக் கேட்காத பிள்ளையோ, நடக்கச் சிரமப்படும் பிள்ளையோ, ஆட்டிசம் உள்ள பிள்ளையோ இருக்கலாம். அந்தப் பிள்ளை வரிசையில் நிற்கும்போது மேடையில் இந்தப் பேச்சு நடந்தால், எல்லாக் கண்களும் எங்கே திரும்பும் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே இரண்டு நாள் முன்னால் தனியாகக் கூப்பிட்டு, முடிந்தால் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க, எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். "இதுல உனக்குப் பிடிக்காதது ஏதாச்சும் இருக்காப்பா?" என்று கேட்டால் போதும். பெயர் சொல்ல மாட்டோம், கையைக் காட்ட மாட்டோம், மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்ட மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். அவனே பேச ஆசைப்பட்டால் தாராளமாகப் பேசட்டும். தன் காலைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை, திருக்குறளோ செய்தியோ கூட வாசிக்கலாம்.

இப்படிக் கேட்கும்போது உங்களுக்கே தெரியாத தகவல் வரும். பாத்ரூம் கதவு உள்ளே திறக்கிறது, நாற்காலியோடு நுழைந்தால் கதவை மூட முடியவில்லை என்று ஒரு பிள்ளை சொல்லலாம். பேச்சில் அதைச் சேர்க்க வேண்டியதில்லை. சரி செய்ய வேண்டியவர்கள் நாம். பள்ளிக்கு வந்து போகும் சிறப்புப் பயிற்றுநரிடமும் ஒரு முறை வரைவைக் காட்டிவிடுங்கள்.

எழுதுவது: முதல் வரைவும் இரண்டாம் வரைவும்

மாணவி முதலில் இப்படி எழுதிக்கொண்டு வருவாள் என்று வைத்துக்கொள்வோம்:

"அவையோர் அனைவருக்கும் என் பணிவான காலை வணக்கம். நான் இன்று உங்கள் முன் மாற்றுத்திறனாளிகள் தினம் என்னும் தலைப்பில் பேச வந்துள்ளேன். மாற்றுத்திறனாளிகள் பாவம். அவர்களால் நம்மைப் போல் ஓடி ஆடி விளையாட முடியாது. கடவுள் நமக்கு நல்ல கை கால்களைக் கொடுத்திருக்கிறார். அவர்களை நொண்டி, குருடு என்று கேலி செய்யக் கூடாது. அவர்களுக்கு உதவ வேண்டும்."

பிள்ளை மனதாரத்தான் எழுதியிருக்கிறாள். திட்டாமல், ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு வாக்கியத்தில் செய்தியே இல்லை. அந்த நேரத்தில்தான் கேட்கிறவர்களின் கவனம் முழுதாக இருக்கும், அதை வணக்கத்திலும் தலைப்பிலும் செலவழிக்கக் கூடாது. அடுத்து "பாவம்". அதைக் கேட்கும் காலிப்பர் போட்ட பையன் என்ன நினைப்பான் என்று அவளையே கேளுங்கள், அவளே அடித்துவிடுவாள். "நம்மைப் போல்" என்று சொல்லும்போது அந்தப் பையன் "நம்" என்பதற்கு வெளியே போய்விடுகிறான். "நல்ல கை கால்" என்பதும் அப்படித்தான்.

கேலிச் சொற்களை மைக்கில் சொல்லவே கூடாது, "சொல்லாதீர்கள்" என்று சொல்வதற்காகக்கூட. காலையில் மைக்கில் கேட்ட சொல்லை இன்டர்வெல்லில் நாலு பேர் சொல்லிப் பார்ப்பார்கள். அந்தப் பிரச்சினை வகுப்பில் இருந்தால் வகுப்பு ஆசிரியர் அங்கேயே கையாள வேண்டும்.

கடைசியில் "உதவ வேண்டும்". என்ன உதவி, யாருக்கு, எப்போது? எட்டு வயதுப் பிள்ளைக்கு இது எட்டாது. "ராம்ப்பில் பையை வைக்காதே" என்றால் எட்டும்.

இப்போது இரண்டாவது வரைவு. மைக்கில் பிள்ளை பேசும் வேகம், நடுவில் நிறுத்தம் எல்லாம் சேர்த்து நிமிடத்துக்கு 70, 80 சொற்கள்தான் போகும். மூன்று நிமிடத்துக்கு இருநூறு சொல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசுவது போலவே எழுதுங்கள்.

"எல்லாருக்கும் காலை வணக்கம். மெட்ரோ ஸ்டேஷனுக்கு யாரெல்லாம் போயிருக்கீங்க? கையைத் தூக்குங்க.

(மனதுக்குள் ஐந்து வரை எண்ணவும்)

சரி, இறக்கிடுங்க. அங்கே தரையில் மஞ்சள் டைல்ஸ் பாதை ஒன்று போகும், பார்த்திருக்கீங்களா? அது அழகுக்காகப் போட்டது இல்லை. காலால் படிக்கிறதுக்காகப் போட்டது.

நீளக் கோடு இருந்தால், நேராக நடக்கலாம். வட்ட மொட்டு இருந்தால், நில், கவனி. முன்னால் படி இருக்கலாம், பாதை திரும்பலாம். கண் பார்வை இல்லாத ஓர் அக்கா வெள்ளைக் கோலை வைத்துக்கொண்டு இதைப் படித்துக்கொண்டே போவார். காலேஜுக்கும் போவார், வேலைக்கும் போவார்.

ஜப்பானில் செயிச்சி மியாகே என்பவர் இதைக் கண்டுபிடித்தார். 1967-ஆம் வருஷம், பார்வை இல்லாத பிள்ளைகள் படிக்கிற ஒரு ஸ்கூல் பக்கத்தில்தான் முதலில் பதித்தார்கள்.

இப்போ ஒரு கேள்வி. அந்த மஞ்சள் பாதை மேல ஒருத்தர் பைக்கை நிறுத்திட்டுப் போனால் அந்த அக்கா என்ன செய்வார்?

(மூன்று வரை எண்ணவும்)

கோல் பைக்கில் முட்டும். சுற்றிப் போனால் பாதை விட்டுப்போகும். அந்த அக்காவைத் தடுத்தது அவர் கண் இல்லை. அந்த பைக்.

நம்ம ஸ்கூலிலும் அப்படி ஒரு பாதை இருக்கு. வாசலில் இருக்கிற ராம்ப். சக்கர நாற்காலிக்கும், ஊன்றுகோலுக்கும், முட்டி வலிக்கிற பாட்டிக்கும், நம்ம ஆயாம்மா தள்ளுகிற சாப்பாட்டு வண்டிக்கும் அதுதான் வழி.

இன்று டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள். இன்றையிலிருந்து ராம்ப்பில் பை வைக்க மாட்டோம். செருப்பு விட மாட்டோம். சைக்கிள் நிறுத்த மாட்டோம். யாராவது வைத்திருந்தால் எடுத்து ஓரமாக வைப்போம்.

சொல்லுங்க பார்ப்போம், ராம்ப் எதுக்கு? (எல்லாரும்: வழிக்கு!)

நன்றி."

இதில் சில இடங்களை ஏன் அப்படி வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நாளின் பெயர் தொடக்கத்தில் வரவில்லை, கடைசியில் வருகிறது. பாதை, பைக், ராம்ப் என்று கதை மனதில் ஏறிய பிறகு சொன்னால்தான் அந்த நாள் எதைப் பற்றியது என்று பிள்ளைக்குப் பிடிபடும். "தடுத்தது கண் இல்லை, பைக்" என்ற இரண்டு வரிதான் முழுப் பேச்சின் உயிர். அங்கே அவசரப்படக் கூடாது. பாட்டியையும் சாப்பாட்டு வண்டியையும் வேண்டுமென்றே சேர்த்தேன். ராம்ப் யாரோ ஒரு பிள்ளைக்குக் காட்டிய சலுகை என்று தோன்றினால், அந்தப் பிள்ளை மேல்தான் பார்வை திரும்பும். உங்கள் பள்ளியில் சாப்பாட்டு வண்டி இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள், பொய்யாகச் சொல்ல வேண்டாம்.

பழகுவது

முழுவதையும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். நடுவில் ஒரு வரி தப்பினால் பிள்ளை அப்படியே நின்றுவிடும், கண் கலங்கிவிடும். முதல் கேள்வி, "கண் இல்லை, அந்த பைக்" வரி, கடைசி வாக்குறுதி இந்த மூன்றும் மட்டும் பார்க்காமல் வர வேண்டும். மீதியைக் கை அளவு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம். ஏ4 தாள் வேண்டாம். மழைக்காலக் காற்றில் அது படபடக்கும், முகத்தையும் மறைக்கும்.

மைதானத்தின் கடைசி வரிசையில் நீங்கள் நின்றுகொண்டு ஒரு முறை கேளுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையோ தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையோ பக்கத்தில் இருக்கும் பள்ளியில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டேதான் இருக்கும். சத்தம் வந்தால் நிறுத்து, போன பிறகு அதே வாக்கியத்தை முதலிலிருந்து சொல் என்று பழக்கிவிடுங்கள். போனில் நேரம் பாருங்கள். மூன்றரை நிமிடத்தைத் தாண்டினால் ஜப்பான் பத்தியைக் குறைக்கலாம், கேள்விகளுக்குப் பின்னால் வரும் நிறுத்தத்தைக் குறைக்கக் கூடாது. பதற்றத்தில் பிள்ளை முதலில் விழுங்குவது அந்த நிறுத்தத்தைத்தான்.

அன்று காலை

பேசுகிறவள் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி நிறுத்துங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டாகிவிடும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. மைக் வாயை மறைக்காமல் கொஞ்சம் கீழே, கன்னத்துப் பக்கமாக இருக்கட்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு முந்தின நாளே பேச்சை எழுதிக் கொடுத்துவிடலாம். மைக் கீச்சிடும் சத்தம் தாங்க முடியாத பிள்ளை இருந்தால், ஸ்பீக்கர் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், எல்லாரும் வருவதற்கு முன்பே மைக்கைச் சோதித்துவிடுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை தன் வகுப்போடு, தன் வரிசையில் இருக்க வேண்டும். ஆசிரியர்களுக்குப் பக்கத்தில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் அது மேடையில் ஏற்றியது மாதிரிதான். மைதானத்தில் சேறு இருந்தால் அன்றைக்குக் கூட்டத்தையே சிமென்ட் தரைக்கு மாற்றுங்கள்.

பேச்சு முடிந்ததும் தலைமை ஆசிரியர் மைக்கில் ஒரு வரி சொன்னால் நல்லது: ராம்ப்பில் எந்த ஆசிரியர் வண்டி நின்றாலும் பிள்ளைகள் வந்து சொல்லலாம். பெரியவர்கள் வண்டியை எடுக்கச் சொல்லப் பிள்ளைக்குத் தைரியம் வராது. அந்த அனுமதியைப் பள்ளிதான் கொடுக்க வேண்டும்.

மழை கொட்டினால் கூட்டம் இருக்காது. அப்போது பேச்சை ஒலிபெருக்கியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கேள்வி கேட்கும் இடமெல்லாம் வீணாகிவிடும். முதல் பாடவேளையில் அந்த மாணவி இரண்டு மூன்று வகுப்புக்குப் போய்ப் பேசட்டும், மற்ற வகுப்புகளில் ஆசிரியரே படிக்கலாம். விடுமுறையே விட்டுவிட்டால் அடுத்த வேலை நாளில் வைத்துக்கொள்ளலாம், "இன்று" என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

வகுப்பில் தொடர்ச்சி

கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் விளையாட்டைச் சில இடங்களில் வைக்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். திடீரென்று கண்ணைக் கட்டினால் பிள்ளைக்குத் தெரிவது பயமும் தடுமாற்றமும் மட்டும்தான். பல வருடம் கோலோடு பழகி, காதாலும் நினைவாலும் ஊரைத் தெரிந்து வைத்திருப்பவரின் நடை அது இல்லை. விளையாட்டு முடிந்ததும் பிள்ளை "ஐயோ பாவம்" என்றுதான் சொல்லும். நாம் முதல் வரைவிலிருந்து அடித்த அதே சொல்.

அதற்குப் பதில் வழி நடத்துவது எப்படி என்று பழக்கலாம், பத்து நிமிடம் போதும். இதில் கண்ணைக் கட்டத் தேவையில்லை, இரண்டு இரண்டு பேராக நின்றால் சரி. முதலில் எதிரில் நின்று, "அக்கா, உதவி வேணுமா?" என்று கேட்க வேண்டும். "வேண்டாம்மா" என்றால் சரி என்று நகர்ந்துவிட வேண்டும். "ஆமாம்" என்றால் நம் முழங்கையை நீட்ட வேண்டும், அவர் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வார். நாம் அரை அடி முன்னால் நடப்போம். நம் உடல் திரும்புவதும் ஏறுவதும் அவர் கைக்குத் தெரியும். படி வந்தால் "மேலே ஏறுற படி" அல்லது "கீழே இறங்குற படி" என்று சொல்ல வேண்டும். வெறுமனே "படி" என்றால் எந்தப் பக்கம் என்று தெரியாது. கோலைப் பிடித்து இழுப்பதும், தோளைப் பின்னாலிருந்து தள்ளுவதும் கூடவே கூடாது. பிள்ளைகள் பெரியவர்கள் இல்லாமல் சாலையைக் கடக்க வைக்கப் போக வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நம் பக்கத்து லாரிப் போக்குவரத்தில் அது ஆபத்து.

அப்புறம் கேள்விகள் வரும். "அந்த அக்காவுக்கு ஏன் கண்ணு தெரியல?" என்றால், சிலருக்குப் பிறக்கும்போதே, சிலருக்கு நோயால், சிலருக்கு அடிபட்டு என்று அவ்வளவுதான் சொல்ல வேண்டும். பாவம் செய்ததால் என்று வீட்டில் யாரோ சொன்னதாக ஒரு பிள்ளை சொல்லும். அது உண்மை இல்லை என்று நேராகச் சொல்லிவிடுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். "எனக்கும் அப்படி ஆகுமா, தொத்திக்குமா?" என்று கேட்கிற சின்னப் பிள்ளைக்கு, பக்கத்தில் உட்காருவதாலோ சேர்ந்து விளையாடுவதாலோ யாருக்கும் அது வராது என்று சொல்லுங்கள். "அவங்க போன் எப்படி யூஸ் பண்ணுவாங்க?" என்று ஒருவன் கேட்டால் சந்தோஷப்பட்டு உங்கள் போனை எடுங்கள். ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் டாக்பேக் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் விரல் படுகிற இடத்தில் இருப்பதைப் போன் வாசித்துச் சொல்லும். அதைப் போட்ட பிறகு ஒரு முறை தொட்டால் தேர்வாகும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். அணைக்கிற வழியை முதலில் பார்த்து வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் கொடுங்கள்.